ஏழு முன்பதிவு, 24,000 ரூபா: டிஜிட்டல் மார்க்கெட்டிங் இன்டர்வியூவில் இதை எப்படிச் சொல்வது?

கொட்டகலை வாசகி, மே 4, இரவு 9.20

அடுத்த வாரம் கண்டியில் ஒரு நிறுவனத்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலைக்கு இன்டர்வியூ. இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார்கள். நான் நடத்திய ஏதாவது ஒரு விளம்பரத்தின் எண்களைக் கொண்டுவந்து விளக்க வேண்டும். அப்புறம், ஒரு சிறிய வியாபாரத்துக்கு ஒரு மாதச் செலவாக 40,000 ரூபா தந்தால் என்ன செய்வேன் என்று ஒரு பக்கம் எழுதிவர வேண்டும்.

என்னிடம் உள்ளது ஒரே ஒரு அனுபவம். மாமா அப்புத்தளையில் ஐந்து அறை கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிறார். மார்ச் 15 முதல் ஏப்ரல் 14 வரை அதற்கு பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் போட்டேன். இணையத்தளம் கிடையாது, விளம்பரத்தைத் தொட்டால் நேராக வட்ஸ்அப் திறக்கும். செலவு 24,000 ரூபா. 61,000 பேருக்கு, மொத்தம் 148,000 தடவை காட்டியிருக்கிறது. 96 வட்ஸ்அப் உரையாடல், 7 முன்பதிவு. ஸ்கிரீன்ஷொட் கீழே இருக்கிறது.

இது நல்ல முடிவா, சுமாரா? எந்த எண்ணை முதலில் சொல்வது?

ஊவாக்காற்று, மே 4, இரவு 9.48

யோசிக்கவே தேவையில்லை, 61,000 பேர் என்பதில் தொடங்கு. ஐந்து அறை வைத்திருக்கும் ஒரு இடத்தைப் பற்றி அத்தனை பேருக்குத் தெரியவைத்திருக்கிறாய். ஸ்கிரீன்ஷொட்டில் 1,920 கிளிக் இருக்கிறது. 148,000க்கு அது 1.3 சதவீதம். ஒரு கிளிக் 12 ரூபா 50 சதம்தான். நான் பண்டாரவளையில் ஒரு உடுப்புக் கடைக்குப் பார்க்கிறேன், எனக்கு இவ்வளவு மலிவாக வருவதில்லை. இந்த மூன்று எண்ணையும் பெரிய எழுத்தில் போட்டுக் கொண்டுபோ.

பேராதனை வீதி, மே 4, இரவு 10.31

தங்கச்சி, அந்த 1,920 எந்த நிரலில் இருந்து வந்தது? `Clicks (all)` நிரலா, `Link clicks` நிரலா? அதைப் பார்த்துச் சொல்லுங்கள், பிறகு பேசலாம். நான் கண்டியில் விளம்பர நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். ஆட்களை எடுக்கும்போது நாங்கள் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று.

கொட்டகலை வாசகி, மே 4, இரவு 10.44

`Clicks (all)` 1,920. `Link clicks` 480.

பேராதனை வீதி, மே 4, இரவு 11.05

அப்படியென்றால் வட்ஸ்அப் பக்கம் போனது 480 தடவைதான். மற்றதெல்லாம் லைக், கொமென்ட், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது, முழுதும் வாசிக்க ‘மேலும்’ என்பதைத் தொட்டது, பக்கத்தின் பெயரைத் தொட்டது. எல்லாம் சேர்ந்துதான் 1,920. ஆகவே கிளிக் வீதம் 0.32 சதவீதம், ஒரு கிளிக் 50 ரூபா. ஊவாக்காற்று தம்பி கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார், நிரல்தான் வேறு.

12.50 என்று சொல்லிவிட்டு இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கும்போது எதிரே இருப்பவர் “இது எல்லாக் கிளிக்கும் சேர்த்தா?” என்று கேட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் சந்தேகத்தோடுதான் கேட்பார். 50 ரூபா என்று நீங்களே சொல்லிவிட்டால் பேச்சு அடுத்த படிக்குப் போய்விடும்.

61,000 என்பதைத் தலைப்பாக்காதீர்கள். அது மெட்டா மதிப்பிட்டுத் தரும் எண். ஒருவர் சராசரியாக இரண்டரைத் தடவை பார்த்திருக்கிறார் என்று காட்ட மட்டும் அது உதவும். ஐந்து அறைக்கு 61,000 பேர் தேவையும் இல்லை.

இன்னொரு வேலை சொல்கிறேன். மாமாவின் போனை வாங்கி அந்த 96 உரையாடலையும் முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். ஒன்றையும் விடாதீர்கள்.

ஊவாக்காற்று, மே 5, காலை 7.15

அண்ணா சொன்ன நிரல் விஷயம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். என் கடைக் கணக்கையும் திறந்து பார்த்தேன், அங்கேயும் இதே இடைவெளிதான். ஆனாலும் ஆட்களுக்குப் பெயர் தெரியவைப்பதற்கு ஒரு மதிப்பு இல்லையா? இன்று பார்த்தவர் டிசம்பரில் வரலாமே.

பேராதனை வீதி, மே 5, காலை 8.02

வரலாம். ஆனால் 24,000 ரூபாவில் ஒரு மாதம் ஓடிய விளம்பரத்தை வைத்து அதை உங்களால் காட்ட முடியாது. காட்ட முடியாததை முடிவு என்று சொல்லக்கூடாது, அவ்வளவுதான். “பின்னால் பயன் இருக்கலாம், அளக்கவில்லை” என்று ஒரு வரி போட்டால் போதும்.

எல்ல விடுதிக்காரர், மே 5, மதியம் 1.40

வணக்கம். எனக்கும் எல்லவில் மூன்று அறை இருக்கிறது. மகன் மாதாமாதம் பதிவை பூஸ்ட் பண்ணுகிறான். நிறைய லைக் வருகிறது, ஒருவரும் அழைப்பதில்லை. இந்த இன்டர்வியூவுக்குப் போனால் அவர்கள் பூஸ்ட் பண்ணக் கற்றுக்கொடுப்பார்களா? கட்டணம் எவ்வளவு?

கொட்டகலை வாசகி, மே 5, மாலை 6.10

ஐயா, இது வேலைக்கான இன்டர்வியூ, வகுப்பு இல்லை. உங்கள் விஷயத்தைக் கடைசியில் பார்ப்போம், மறக்க மாட்டேன்.

கொட்டகலை வாசகி, மே 6, இரவு 11.30

96 உரையாடலையும் வாசித்தேன். மெட்டாவின் விளம்பரக் கணக்குப் பக்கம் காட்டுவதும் போனில் இருப்பதும் வேறு வேறு கதை.

38 பேர் விளம்பரத்தில் நாங்கள் முன்கூட்டியே எழுதிவைத்த “வணக்கம், அறை விவரம் வேண்டும்” என்ற வரியை அனுப்பியதோடு சரி. மாமா விலை அனுப்பியிருக்கிறார், பதிலே இல்லை. இவர்களையும் மெட்டா உரையாடல் என்றுதான் எண்ணுகிறது.

மீதி 58 பேர் உண்மையாகவே பேசியிருக்கிறார்கள். அதில் 21 பேர் கேட்டது ஏப்ரல் 12, 13, 14 இரவுகளுக்கு. அறைகள் நிரம்பிவிட்டதால் மாமா “மன்னிக்கவும், இடமில்லை” என்று அனுப்பியிருக்கிறார். அவர்களில் ஒருவரிடம்கூட “20ஆம் திகதிக்குப் பிறகு வருவீர்களா?” என்று கேட்கவில்லை.

முன்பதிவு செய்த 7 பேரில் 4 பேர் அதே புத்தாண்டு இரவுகளுக்கு. 3 பேர் மட்டும் மார்ச் கடைசியில், வார நாட்களில். மாமாவின் போன வருடப் பதிவுப் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன். விளம்பரமே இல்லாமல் அந்த மூன்று இரவும் ஐந்து அறையும் நிரம்பியிருக்கின்றன.

இதைப் பார்த்த பிறகு 7 என்று சொல்ல மனம் வரவில்லை. 3 என்று சொன்னால் வேலை கிடைக்குமா என்றும் யோசனை.

பேராதனை வீதி, மே 7, காலை 6.50

இதுதான் உங்கள் இன்டர்வியூ. இந்தச் செய்தியைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி அப்படியே சொன்னாலே போதும்.

விண்ணப்பதாரர் நூறு பேர் கிளிக் வீதத்தைச் சொல்வார்கள். 21 பேர் இல்லாத அறையைக் கேட்டார்கள் என்று போனைத் திறந்து பார்த்துச் சொல்பவர் அரிது. அந்த 21 பேரையும் மெட்டா நல்ல முடிவாகத்தான் கணக்கில் சேர்த்தது. உரையாடல் வந்தால் போதும் என்று நாம் சொன்னோம், அது உரையாடலைக் கொண்டுவந்தது. அறை இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நிரல் `Messaging conversations started`. பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஏழு நாளுக்கு மேல் பேசாமல் இருந்து திரும்ப எழுதினாலும் அது ஒன்றைக் கூட்டும். ஆகவே 96 உரையாடல் என்றால் 96 புதிய ஆட்கள் என்று எடுக்காதீர்கள்.

நானுஓயா கணக்காளர், மே 7, இரவு 8.25

நான் விளம்பரத் துறை இல்லை, ஹோட்டல் கணக்கு பார்க்கிறவள். நீங்கள் எல்லோரும் கிளிக், உரையாடல் என்று பேசுகிறீர்கள். ஒருவர் வந்து தங்கினால் மாமாவின் கையில் என்ன மிஞ்சுகிறது? அது தெரியாமல் 24,000 கூடுதலா குறைவா என்று எப்படிச் சொல்வது?

கொட்டகலை வாசகி, மே 7, இரவு 9.15

அக்கா, மாமாவிடம் கேட்டேன். சராசரியாக ஒரு முன்பதிவு இரண்டு இரவு, 18,000 ரூபா. காலைச் சாப்பாடு, சலவை, வெந்நீருக்கான மின்சாரம், அறை சுத்தம் செய்பவருக்கு அன்றைய கூலி எல்லாம் சேர்த்து 5,000. மிஞ்சுவது 13,000.

நானுஓயா கணக்காளர், மே 7, இரவு 9.52

சரி, இப்போது பேசலாம். 24,000ஐ 7ஆல் பிரித்தால் ஒரு முன்பதிவுக்கு ஏறக்குறைய 3,430 ரூபா. முன்பதிவுத் தளம் வழியாக வந்திருந்தால் தரகு என்ன?

கொட்டகலை வாசகி, மே 7, இரவு 9.58

மாமாவுக்கு 15 சதவீதம். 18,000க்கு 2,700.

நானுஓயா கணக்காளர், மே 7, இரவு 10.20

பார்த்தீர்களா? ஏழு முன்பதிவையும் முழுதாக விளம்பரத்தின் கணக்கிலேயே சேர்த்தாலும் உங்கள் விளம்பரம் தரகை விடச் செலவு கூடியது. “தரகு இல்லாமல் நேரடியாக ஆட்களைக் கொண்டுவந்தேன்” என்று பெருமையாகச் சொல்லப் போனால் எதிரே இருப்பவர் இந்தக் கழித்தலைப் போட்டுக் காட்டிவிடுவார்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. வெறுமையாகக் கிடந்திருக்கும் அறைக்கு ஆள் வந்தால் மிஞ்சும் 13,000மும் புதுப் பணம். அப்படிப்பட்டது அந்த 3 மட்டும் என்று வையுங்கள். 39,000 வந்தது. புத்தாண்டுக்கு வந்த 4 பேரும் எப்படியும் தளம் வழியாக வந்திருப்பார்கள் என்றால் தரகில் 10,800 மிச்சம். இரண்டையும் கூட்டி 24,000ஐக் கழித்தால் 25,800 ரூபா லாபம். அந்த 4 பேரும் தளம் வழியாக இல்லாமல் தெரிந்தவர் மூலமாகவே வந்திருப்பார்கள் என்றால் 15,000. ஏழுமே விளம்பரத்தால்தான் என்றால் 67,000.

நட்டம் இல்லை என்று சொல்லலாம். 67,000 என்று சொல்லக்கூடாது.

ஒரு விஷயம், 24,000 என்பது எங்கிருந்து எடுத்தது? மெட்டாவின் விளம்பரக் கணக்குப் பக்கமா, வங்கிக் கூற்றா? வெளிநாட்டுக்குக் கார்டில் கட்டினால் வங்கி தன் கட்டணத்தையும் சேர்க்கும். கூற்றைப் பாருங்கள்.

கொட்டகலை வாசகி, மே 8, காலை 6.40

விளம்பரக் கணக்குப் பக்கத்தில் இருந்து எடுத்தது. மாமாவிடம் வங்கிக் கூற்றைக் கேட்டிருக்கிறேன். அதுவரை “வங்கிக் கட்டணம் சேர்க்காமல்” என்று பக்கத்தில் எழுதிவைக்கிறேன்.

அந்த மூன்று பேரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் ஒருவர் வட்ஸ்அப்பில் “என் சிநேகிதி போன வருடம் உங்களிடம் தங்கினாள், இப்போது உங்கள் விளம்பரத்தையும் பார்த்தேன்” என்று எழுதியிருக்கிறார். அவரை எந்தப் பக்கம் போடுவது?

பேராதனை வீதி, மே 8, காலை 7.30

எந்தப் பக்கமும் போட வேண்டாம். அவர் எழுதியதை அப்படியே சொல்லுங்கள். சிநேகிதி சொன்னதை விளம்பரம் நினைவுபடுத்தியிருக்கலாம், விளம்பரம் இல்லாமலும் அவர் வந்திருக்கலாம். இவ்வளவு சிறிய எண்ணில் ஒருவர் பக்கம் மாறினாலே முடிவு மூன்றில் ஒரு பங்கு மாறிவிடும். அதையும் சொல்லுங்கள்.

கொட்டகலை வாசகி, மே 8, இரவு 10.05

இரண்டாவது பகுதிக்கு வருகிறேன். 40,000 ரூபா. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகுள் தேடல், டிக்டொக், பயணக் காணொளி போடும் ஒருவர் என்று ஐந்தாகப் பிரித்து ஆளுக்கு 8,000 என்று எழுதத் தொடங்கினேன். எல்லாவற்றையும் தெரிந்தவள் என்று காட்டலாம். ஆனால் மேலே நடந்த பேச்சுக்குப் பிறகு இது சரியாகப் படவில்லை.

ஊவாக்காற்று, மே 8, இரவு 10.40

ஐந்தாகப் பிரிக்காதே. மெட்டாவில் ஒரு விளம்பரத் தொகுதிக்கு வாரத்துக்கு 50 முடிவு வராவிட்டால் அது கற்றுக்கொள்ளாது, `Learning limited` என்று வந்துவிடும். அப்படி வந்தால் விளம்பரம் வேலை செய்யாது, காசு வீண்.

பேராதனை வீதி, மே 8, இரவு 11.12

பாதி சரி. 50 என்பது மெட்டா சொல்லும் அளவுதான். ஆனால் `Learning limited` வந்தால் விளம்பரம் நின்றுவிடாது. ஓடும், முடிவும் வரும். யாருக்குக் காட்டுவது என்பதை அது உறுதியாகப் பிடித்துக்கொள்ளாததால் இன்று ஒரு விலை, நாளை ஒரு விலை என்று ஏறி இறங்கும்.

இந்த வழக்கில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பழைய விலைப்படி ஒரு உரையாடல் 250 ரூபா. வாரத்துக்கு 50 என்றால் 12,500, நான்கு வாரத்துக்கு 50,000. 40,000ஐ முழுதாக ஒரே தொகுதியில் போட்டால்கூட வாரத்துக்கு 40 தான் வரும். 8,000 போட்டால் வாரத்துக்கு 8. எட்டு உரையாடலை வைத்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது, மெட்டாவாலும் முடியாது, உங்களாலும் முடியாது. ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

கொட்டகலை வாசகி, மே 9, காலை 5.55

காலையிலேயே திருத்தி எழுதினேன்.

அதே கெஸ்ட் ஹவுஸ், ஜூன் மாதம். வார நாட்கள்தான் வெறுமை. அதனால் விளம்பரத்திலேயே “ஞாயிறு முதல் வியாழன் இரவு வரை” என்று போடுகிறேன். பொசன் விடுமுறையைத் தொடப் போவதில்லை, அது தானாக நிரம்பும்.

என்ன சொல்வது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஜூனில் தென்மேற்குப் பருவமழை. எங்கள் கொட்டகலை, ஹட்டன் பக்கம் ஊற்றும். கொழும்பில் இருப்பவர்கள் மலைநாடு முழுவதும் மழை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் மலையைத் தாண்டிய ஊவாப் பக்கத்தில் அந்த நேரம் மழை குறைவு. அப்புத்தளையில் மழையை விடக் காற்றுத்தான் பலமாக இருக்கும். ஆகவே ஒரு படம்: முற்றத்தில் காயும் துணி, பின்னால் தேயிலைச் சரிவு, கீழே அன்றைய திகதி. “இன்று காலை அப்புத்தளை” என்று ஒரு வரி. மாமா தினமும் காலையில் போனில் எடுப்பார். மழை பெய்கிற நாளில் போட மாட்டோம்.

காசு: 28,000 மெட்டாவில் ஒரே தொகுதி, இரண்டு வகைப் படம் மட்டும். 8,000 கூகுள் தேடலில், ஊர்ப் பெயரையும் தங்கும் இடத்தையும் சேர்த்துத் தேடுபவர்களுக்கு மட்டும். 4,000 கையில் வைத்து மூன்றாவது வாரம் எது ஓடுகிறதோ அதில் போடுவது. கூகுள் வரைபடத்தில் இடத்தின் விவரம், படங்கள், தொலைபேசி எண் எல்லாம் சரிசெய்வது, அதற்குக் காசு இல்லை.

எவ்வளவு வந்தால் போதும்? 40,000ஐ 13,000ஆல் பிரித்தால் மூன்றுக்குக் கொஞ்சம் மேல். ஆகவே வார நாளில் 4 கூடுதல் முன்பதிவு வந்தால் காசு திரும்பும். அதைத்தான் இலக்கு என்று எழுதியிருக்கிறேன்.

நானுஓயா கணக்காளர், மே 9, காலை 9.10

இலக்கு சரி. கூகுளுக்கு 8,000 எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாளுக்கு 267 ரூபா. அதில் எத்தனை கிளிக் வரும்? நான் என்றால் 36,000ஐயும் ஒரே இடத்தில் போடுவேன்.

பேராதனை வீதி, மே 9, மதியம் 12.35

நான் 8,000ஐ வைப்பேன். ஊர்ப் பெயரைப் போட்டு அறை தேடுபவர் ஏற்கெனவே வருவதற்கு முடிவு செய்தவர், பத்து கிளிக் வந்தாலும் அவர்கள் வேறு தரம். அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பெரிய முன்பதிவுத் தளங்களும் அதே சொற்களுக்கு ஏலம் கேட்கும். கூகுளின் சொல் திட்டமிடும் கருவியில் அந்தச் சொற்களின் விலை வரம்பைப் பாருங்கள். ஒரு கிளிக் 250 ரூபாவைத் தாண்டும் என்று காட்டினால் அக்கா பக்கம் போய்விடுங்கள்.

கேட்டால் சொல்ல இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். கூகுள் ஒரே நாளில் நாள் வரம்பைப் போல இரண்டு மடங்குவரை செலவு செய்யலாம், மாதக் கணக்கில்தான் சரிசெய்யும். இரண்டாம் நாளே 530 போய்விட்டது என்று மாமா பயந்து அழைப்பார்.

அப்புறம், கூடுதல் என்பதை எப்படி அளப்பீர்கள்?

கொட்டகலை வாசகி, மே 9, இரவு 8.50

போன வருட ஜூன் வார நாட்களின் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுவேன். விளம்பரத்தில் இருந்து வரும் வட்ஸ்அப் வரியில் “ஜூன் வார நாள்” என்று முன்கூட்டியே எழுதிவைப்பேன், யார் எங்கிருந்து வந்தார் என்று தெரியும். அழைக்கிறவர்களிடம் மாமா “எங்கே பார்த்தீர்கள்?” என்று கேட்டுப் புத்தகத்தில் ஒரு நிரலில் எழுதுவார்.

இரண்டு வாரம் போட்டு இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்கலாமா என்றும் யோசித்தேன். ஐந்து அறைக்கு ஒரு வாரத்தில் இரண்டு பேர் கூடினாலும் குறைந்தாலும் அது விளம்பரமா, தற்செயலா என்று பிரிக்க முடியாது. அதனால் விட்டுவிட்டேன்.

பேராதனை வீதி, மே 9, இரவு 9.20

ஏன் விட்டீர்கள் என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டு படத்தில் எது நல்லது என்பதற்கும் அதே எச்சரிக்கை. ஒன்று நான்கு முன்பதிவு, மற்றது இரண்டு என்றால் முதல் படம் இரு மடங்கு நல்லது என்று சொல்லிவிடாதீர்கள். உரையாடல் எண்ணிக்கையில் பாருங்கள், அதிலும் பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டும் பேசுங்கள்.

கொட்டகலை வாசகி, மே 13, மாலை 7.30

போய்விட்டு வந்தேன். மூன்று பேர் இருந்தார்கள்.

61,000க்கும் 148,000க்கும் என்ன வித்தியாசம் என்று ஆரம்பித்தார்கள், அது சீக்கிரம் முடிந்தது. கிளிக் நிரலைக் கேட்டார்கள், அண்ணா சொன்னபடியே. அந்த 21 பேரைப் பற்றிச் சொன்னதும் நடுவில் இருந்த மேடம் பேனாவை வைத்துவிட்டு “மாமாவிடம் என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டார். அறை நிரம்பியதும் விளம்பரத்தின் வாசகத்தை மாற்ற வேண்டும், இடமில்லை என்பவர்களுக்கு வேறு திகதி சொல்ல வேண்டும் என்று மாமாவிடம் சொன்னதைச் சொன்னேன். மாமா ஒப்புக்கொண்டாரா என்று கேட்டார். “முதலில் இல்லை, புத்தாண்டு நேரம் போன் நிறைய வந்ததே அவருக்குச் சந்தோஷம்” என்றேன்.

அப்புறம்தான் இழுபறி. “வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு எண்தான் தரலாம் என்றால் எதைத் தருவீர்கள், 3ஆ 7ஆ?” என்று இன்னொருவர் கேட்டார். “7 பேர் விளம்பரம் வழியாக வந்தார்கள், அதில் 3 பேர்தான் விளம்பரம் இல்லாவிட்டால் வராமல் இருந்திருக்கக்கூடியவர்கள்” என்றேன். “அது இரண்டு எண்” என்றார். அதற்கு மேல் நான் குறைக்கவில்லை. அவர் முகத்தில் திருப்தி இல்லை.

ஊவாக்காற்று, மே 13, இரவு 8.15

நீ 7 என்று சொல்லியிருக்க வேண்டும். வந்தவர் ஏழு பேர் என்பது பொய் இல்லையே. வாடிக்கையாளருக்கு இரண்டு எண் சொன்னால் குழம்பிவிடுவார், என் கடை முதலாளியும் அப்படித்தான்.

நானுஓயா கணக்காளர், மே 13, இரவு 8.40

நான் 3 என்று சொல்லியிருப்பேன். அடுத்த மாதம் எவ்வளவு போடுவது என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கும். 7ஐ நம்பி மாமா செலவை இரட்டிப்பாக்கினால் யார் பொறுப்பு?

பேராதனை வீதி, மே 13, இரவு 10.00

எங்கள் அலுவலகத்திலேயே இதற்கு ஒரே பதில் இல்லை. நான் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்பவன். எங்கள் மேலாளர் ஒன்றைத்தான் கேட்பார்.

எல்ல ஐயா, உங்கள் மகன் பூஸ்ட் பண்ணும்போது இலக்கு என்ற இடத்தில் எதைத் தெரிவு செய்கிறார்? பதிவுக்கு லைக், கொமென்ட் கூட்டுவது என்று இருந்தால் லைக் போடுகிற ஆட்களுக்குத்தான் அதைக் காட்டும். செய்தி அனுப்ப வைப்பது என்று மாற்றச் சொல்லுங்கள், வட்ஸ்அப் எண்ணை இணைக்கச் சொல்லுங்கள்.

எல்ல விடுதிக்காரர், மே 14, காலை 6.20

மகன் பார்த்தான், லைக்தான் தெரிவாகியிருக்கிறது. மாற்றிவிட்டான். நன்றி. மாதம் 5,000 போதுமா?

நானுஓயா கணக்காளர், மே 14, காலை 8.05

ஐயா, ஒருவர் தங்கினால் உங்கள் கையில் மிஞ்சுவதை முதலில் எழுதுங்கள். 5,000க்கு மேல் மிஞ்சுகிறது என்றால் மாதம் ஒரு கூடுதல் ஆள் வந்தாலே போதும். வெறுமையாக இருக்கும் நாளுக்கு மட்டும் போடுங்கள்.

கொட்டகலை வாசகி, மே 16, இரவு 9.45

இரண்டாம் சுற்றுக்கு அழைத்திருக்கிறார்கள். ஒரு வேலை தந்திருக்கிறார்கள்: அதே விளம்பரத்தின் மாத அறிக்கையை, கெஸ்ட் ஹவுஸ் உரிமையாளர் வாசிப்பதுபோல் சில வரிகளில் எழுத வேண்டும், வரைபடம், அட்டவணை கூடாது. வங்கிக் கூற்றும் கிடைத்தது, கட்டணத்தோடு 24,840 ரூபா. எழுதியது இது:

“மார்ச் 15 முதல் ஏப்ரல் 14 வரை விளம்பரத்துக்கு வங்கிக் கட்டணத்தோடு 24,840 ரூபா செலவானது. 58 பேர் உண்மையாகப் பேசினார்கள், 7 பேர் முன்பதிவு செய்தார்கள். அதில் 4 பேர் புத்தாண்டு இரவுகளுக்கு வந்தவர்கள். போன வருடம் விளம்பரம் இல்லாமலே அந்த இரவுகள் நிரம்பியதால் அவர்களை விளம்பரத்தின் பலன் என்று சொல்ல முடியாது. வார நாட்களில் வந்த 3 பேரால் செலவு போக ஏறக்குறைய 14,000 ரூபா மிஞ்சியது, அதில் ஒருவர் சிநேகிதி சொல்லியும் வந்தவர். 21 பேர் நிரம்பிய நாட்களைக் கேட்டுத் திரும்பினார்கள். அடுத்த மாதம் வார நாட்களுக்கு மட்டும் விளம்பரம் போடுவோம், திரும்பிப் போகிறவர்களுக்கு வேறு திகதி சொல்வோம்.”

பேராதனை வீதி, மே 16, இரவு 10.25

நன்றாக இருக்கிறது. ஒரு இடம் மட்டும். “பலன் என்று சொல்ல முடியாது” என்பதற்குப் பதில் “விளம்பரம் இல்லாமலும் அந்த அறைகள் நிரம்பியிருக்கக்கூடும்” என்று எழுதுங்கள். ஒரு வருடப் புத்தகத்தை வைத்து அவ்வளவுதான் சொல்லலாம். முடிந்தால் அதற்கு முந்திய வருடப் புத்தகத்தையும் மாமாவிடம் கேளுங்கள்.

கொட்டகலை வாசகி, மே 16, இரவு 10.40

மாற்றிவிட்டேன். புத்தகம் இருக்கிறதாம், நாளை படம் எடுத்து அனுப்புகிறார்.